பாதிச் சாவி எனக்கு, பாதிச் சாவி பாய்க்கு

நான் வேலை பார்த்த வங்கியில் பெட்டக அறையைத் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். ஒன்று மேனேஜரிடம், இன்னொன்று கேஷியரிடம். ஒருவர் வராவிட்டால் மற்றவர் இரும்புக் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. இதற்கு ஜாயிண்ட் கஸ்டடி என்று பெயர். மேனேஜராக இருந்தபோது இந்த விதியைக் காப்பாற்றினேன். இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரியான பிறகு, கிளை கிளையாகப் போய் அதை மீறியவர்களைக் கண்டுபிடித்து அவர்களுடைய மதியச் சாப்பாட்டைக் கெடுத்தேன். ஓய்வு பெற்ற பின் அமல்படுத்த விதிகள் நிறைய மிச்சமிருந்தன, பெட்டகம்தான் இல்லை. கிடைத்தவை ஆறு கோழி முட்டைகள்.

முட்டைக்கு முன்னால் கணினியைச் சொல்லிவிட வேண்டும்.

சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரே ஒரு பச்சைப் பலகை, அதன் மேல் எல்லாம். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. ஒரு சின்ன பல்பு குடிக்கிற அளவுக்குக்கூட மின்சாரம் குடிக்காமல் ராப்பகலாக ஓடும். இதை வீட்டில் ஒரு மூலையில் வைத்து சர்வராக்கி, மனதுக்குத் தோன்றிய வேலைகளையெல்லாம் செய்ய வைக்கலாம் என்று படித்தேன். வாங்கிவிட்டேன். பார்சலைப் பிரித்தபோது என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது எதோட உள்பாகமுங்க? மேல்பாகம் எப்ப வரும்?"

"இதுதான் முழுசு."

"இவ்வளவுதானா? நான் என்னமோ பெருசா வாங்கறீங்கன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் குரலில் இருந்தது நிம்மதி என்றுதான் அன்று நினைத்தேன்.

முதல் வாரமே அது என்னை அவமானப்படுத்தியது. அலமாரியில் கிடந்த பழைய செல்போன் சார்ஜரை அதற்கு மாட்டியிருந்தேன். வேலை கொடுத்த உடனே பலகை அணைந்து அணைந்து எழுந்தது. அதில் ஓடும் லினக்ஸைக் குறை சொன்னேன், மெமரி கார்டைக் குறை சொன்னேன், மின்வாரியத்தைக்கூட விடவில்லை. கடைசியில் அதன் பதிவுகளைப் படித்தால், 'மின்னழுத்தம் போதவில்லை' என்று அது பாவம் வரிக்கு வரி முறையிட்டுக்கொண்டிருந்தது. அதற்கென்று உள்ள அடாப்டரை வாங்கினேன். அப்படியே மெமரி கார்டையும் ஓய்வு பெறச் செய்து, எஸ்.எஸ்.டி. என்கிற ஒரு சின்ன சேமிப்புப் பெட்டியில் எல்லாவற்றையும் ஏற்றினேன். ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் சர்வருக்கும், நினைத்தபோது போகும் மின்சாரத்துக்கும் நடுவில் மெமரி கார்டு நெடுநாள் தாங்காது.

அடுத்த ஆசை, வெளியூரிலிருந்தும் அதைத் தொட வேண்டும் என்பது. இங்கேதான் மனிதர்கள் வழுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன், ஆனால் முறைப்படி விழுந்தேன்.

என் இணைய இணைப்பில் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளி முகவரி. வெளியிலிருந்து என் வீட்டைத் தேடி வருகிற எதுவும் தெருமுனையோடு நின்றுவிடும். கேட்டு வாங்கி, எனக்கென்று தனி முகவரி பெற்றேன். ரௌட்டரில் ஒரு வழியைத் திறந்து, பலகையின் உள்நுழைவு வாசலை நேரடியாக வெளியே காட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பதிவேட்டைப் பார்த்தேன். உலகமே என் வாசலில் நின்றுகொண்டிருந்தது. root என்று ஒருவர், admin என்று ஒருவர், test என்று ஒருவர். எந்தெந்த நாட்டிலிருந்தோ மாற்றி மாற்றிக் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னைத் தேடி இத்தனை பேர் வந்ததில்லை. ஒரு கணம் மனசு குளிர்ந்ததை மறுக்க மாட்டேன். அடுத்த கணம் கதவைச் சாத்தினேன்.

பிறகு ஒழுங்காகச் செய்தேன். வெளியே தெரிவது வி.பி.என். என்கிற ரகசியப் பாதையின் வாசல் ஒன்றுதான். சரியான சாவியோடு வராதவருக்கு அது பதிலே சொல்லாது. கதவு இருப்பதே தெரியாது. அதன் வழியாக உள்ளே வந்த பிறகுதான் பலகையின் உள்நுழைவு வாசல் கண்ணில் படும். அங்கே கடவுச்சொல்லுக்கு வேலையில்லை, சாவிக் கோப்பு வைத்திருப்பவருக்கு மட்டும் அனுமதி. அந்தக் கோப்பு என் செல்போனிலும் லேப்டாப்பிலும் இருக்கிறது. அதைத் திறக்க ஒரு ரகசியத் தொடர் வேண்டும். போன் தொலைந்தால், பலகையில் அந்த போனின் பெயரை நீக்கிவிட்டால் போதும். இதையெல்லாம் மனைவியிடம் விளக்கினேன்.

"உள்ள என்னங்க இருக்குது?" என்றாள்.

அதுவரை உள்ளே ஒன்றும் இல்லை.

உள்ளே வைக்க ஒரு பொருளைக் கொண்டுவந்தவர் பாய். எங்கள் ஊர்ப் பனியன் சந்தையான காதர்பேட்டையில் மொத்த வியாபாரம். நான் கிளை மேனேஜராக இருந்தபோது வாடிக்கையாளராக வந்தவர், இப்போது சாயங்கால டீக்கு வருகிறவர். வியாபாரம் அவருக்குத் தொழில் மட்டும்தான், உயிர் வேறு இடத்தில் இருந்தது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன இடத்தில் கிளிமூக்குச் சேவல் வளர்த்தார். கிளி மாதிரி வளைந்த அலகு, தரையைக் கூட்டுகிற வால். சண்டைக்கு அல்ல, கண்காட்சிக்கு. அவருடைய சேவலுக்கு வயதாகிவிட்டது. அதற்கு ஏற்ற ஒரே பெட்டையை ஒரு நாய் முடித்துவிட்டது. அந்தப் பெட்டை கடைசியாக இட்ட ஆறு முட்டைகளை, பனியன் வெட்டியதில் மிஞ்சிய கட்டிங் வேஸ்ட் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், வேற கோழிகிட்ட வச்சுப் பாத்தேனுங்க. எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிருது. இதும் போச்சுன்னா இந்த வம்சமே முடிஞ்சுதுங்க. உங்க பொட்டி என்னமோ பண்ணும்னு சொன்னீங்களே."

"அது பெட்டி இல்லீங்க பாய், சர்வர்."

"எதா இருந்தா என்னங்க, உக்காந்து அடைகாக்குமா?"

காக்கும் என்றேன். சொன்ன பிறகு படித்துக் கற்றுக்கொண்டேன்.

திராட்சை வந்த தெர்மாகோல் பெட்டி. உள்ளே சின்ன பல்பு, ஒரு மின்விசிறி, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சொல்லும் சென்சார். முட்டைகளை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துத் திருப்பும் தட்டுக்கு ஒரு மோட்டார். பலகை சென்சாரைப் படிக்கும். முப்பத்தேழரை டிகிரிக்குக் கீழே இறங்கினால் ரிலே என்கிற சுவிட்ச் வழியாகப் பல்பைப் போடும், ஏறினால் அணைக்கும். நிலவரத்தை ஒரு வலைப்பக்கத்தில் காட்டும். அந்தப் பக்கத்தைப் பார்க்க மட்டும் பாயின் போனுக்கும் தனி வி.பி.என். சாவி கொடுத்தேன். எல்லை மீறினால் பலகை எனக்குச் செய்தி அனுப்பும். செய்தி உள்ளிருந்து வெளியே போவதால் அதற்காக எந்த வாசலையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஆறில் ஐந்தில் சிவப்பு நரம்புகள் வேர் விட்டிருந்தன. பாய் என்னைக் கட்டிக்கொண்டார். நான் கட்டிப்பிடிக்கப்படுகிற ரகம் இல்லை, ஆனால் அன்று எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு காரியம் செய்தேன். சர்வருக்கு அப்டேட் போட்டேன். விதிப்படி போட வேண்டியதுதான். ஆனால் அதில் ஒரு நிரல் மாறி, முட்டை திருப்பும் மோட்டார் மட்டும் மதியம் முழுக்கச் சும்மா கிடந்தது. சாயங்காலம் டீக்கு வந்த பாய்தான், தட்டு அசையவில்லை என்று கண்டுபிடித்தார். முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய்க்குத்தான் ஆனது.

"சார் ஆராய்ச்சி பண்ணுவாருங்க" என்று என் மனைவியிடம் புகார் சொன்னார். "என் முட்டையில ஆராய்ச்சி வேண்டாமுங்கோ. நான் இல்லாம சார் உள்ள கை வைக்கக் கூடாது. ஏதாச்சும் பூட்டுப் போடுங்க."

என் மனைவி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குள் முப்பத்தைந்து வருடச் சேவை விழித்துக்கொண்டது.

ஜாயிண்ட் கஸ்டடி!

அன்றே அமலுக்கு வந்தது. சாவிக் கோப்பின் ரகசியத் தொடரை இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதி என்னுடையது, பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க நான் தட்டினேன். இரண்டாம் பாதி அவருடையது, நான் திரும்பி நிற்க அவர் தட்டினார். நெடுநேரம் தட்டினார். இடையில் ஒருமுறை தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். நான் அதற்கு முக்கியத்துவம் கொடுக்கவில்லை. உறுதிக்கு மறுபடியும் ஒருமுறை இருவரும் தட்டினோம். லேப்டாப்புக்கும் அதே ஏற்பாடு.

அத்தோடு பாய்க்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினேன். "பாய், உங்க பாதிய யாருக்கும் சொல்லக் கூடாது. போன்ல கேட்டாச் சொல்லவே கூடாது. மேனேஜர் பேசறேன்னு சொல்லுவான், அவசரம்னு சொல்லுவான். இப்பல்லாம் குரலையே அச்சா மாத்திப் பேசறானுங்க."

"நீங்களே கேட்டாலுங்களா?"

"நானே கேட்டாலும்."

இன்னொரு விதியையும் நானே எழுதிச் சேர்த்தேன். தெர்மாகோல் பெட்டி, உள்ளே பல்பு, பக்கத்தில் துணி. ஆள் இல்லாத வீட்டில் இது தன் இஷ்டத்துக்குச் சூடேறக் கூடாது. ஆகவே மின்சாரம் போய்ப் பலகை மறுபடி எழுந்தால், மற்ற எல்லாம் தானாக ஓடும், பல்பு மட்டும் எரியாது. ஓர் ஆள் உள்ளே நுழைந்து, பார்த்து, அனுமதி கொடுக்க வேண்டும். உள்ளே நுழைய இரண்டு பாதிகளும் வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் தனித்தனியாகப் பார்த்தால் எந்த இன்ஸ்பெக்டரும் கை தட்டுவார். சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

குஞ்சு பொரிக்க இன்னும் சில நாட்கள் இருக்கும்போது தாராபுரத்தில் கல்யாணம் வந்தது. என் மனைவியின் தங்கை மகளுக்கு. போகாமலிருக்க முடியாது. அன்றைக்குத்தான் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருந்தது. அதையும் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். பலகை, ரௌட்டர், பெட்டி எல்லாம் இன்வெர்ட்டரில் இருக்கின்றன. மெயினை அணைத்து இரண்டு முறை சோதித்தேன். பலகை கண்கூட இமைக்கவில்லை. வீட்டைப் பூட்டினோம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காரில் ஏறினேன்.

"ரொம்ப நிமிராதீங்க, சட்டப் பொத்தான் தெறிக்குது" என்றாள் மனைவி.

தாலி கட்டியாயிற்று. முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் இனிப்பு விழுந்த நேரத்தில் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. 'மறுதொடக்கம். பல்பு நிறுத்தம். அனுமதி தேவை.'

பலகை பேசுகிற தமிழ் நான் எழுதிக் கொடுத்தது. இவ்வளவு சுருக்கமாக எழுதியிருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது.

நடந்தது இதுதான். மின்சாரம் போய் இன்வெர்ட்டர் கை மாற்றும் அந்த இமைப்பொழுதில், பிரிட்ஜும் சேர்ந்து எழுந்து இழுத்திருக்கிறது. இரண்டு சோதனையிலும் தப்பிய பலகை அன்று தப்பவில்லை, அணைந்து எழுந்துவிட்டது. விதிப்படி பல்பை எரியவிடவில்லை. நிலவரப் பக்கத்தைத் திறந்தேன். முப்பத்தாறு புள்ளி எட்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளி ஏழு.

"என்னங்க சகலை, பாயசத்தைப் பாக்காம போனைப் பாக்கறீங்க?" என்றார் பக்கத்து இலைக்காரர். மனைவியின் தங்கை கணவர், மணப்பெண்ணின் அப்பா, காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருப்பவர். விசாரிக்க வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"முட்டை ஆறுதுங்க."

"கல்யாணப் பந்தியில ஏதுங்க முட்டை?"

விளக்க நேரமில்லை. கிளம்பிப் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வீட்டுச் சாவி மனைவியின் கைப்பையில். இலையை மடித்துவிட்டு எழுந்தேன். பாயசம் வருமுன் நான் இலை மடித்ததைப் பார்த்த மனைவி, எதிர்ப் பந்தியிலிருந்து பயந்து எழுந்து ஓடி வந்தாள். மண்டபத்துக்குள் சிக்னல் தடுமாறியது. சகலையும் சேர்ந்துகொள்ள, மூவரும் சமையல்கட்டுக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போனோம். உள்ளே மேளக்காரர்கள் தவிலில் தனி ஆவர்த்தனம் தொடங்கியிருந்தார்கள்.

பாய்க்கு போன் போட்டேன், எடுத்தார். அவர் பக்கம் வடநாட்டு வியாபாரிகளின் இந்தி இரைச்சல்.

"பாய், மின்சாரம் போய் பெட்டி நின்னிருச்சுங்க. உங்க பாதியச் சொல்லுங்க, உடனே போடணும்."

 பாய் மிக மரியாதையாகக் கேட்டார்:

"நீங்க யாருங்க பேசறது?"

"நான்தான் பாய்!"

"அப்படித்தான் சொல்லுவீங்களாம். அவசரம்னும் சொல்லுவீங்களாம். சார் ஏற்கெனவே சொல்லி வச்சிருக்காருங்க."

"அந்த சாரே நான்தானுங்க!"

"குரலு அச்சா இருக்குதுங்க. அதையும் சொன்னாரு."

சகலை தலையில் அடித்துக்கொண்டார். மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. நிலவரப் பக்கத்தில் வெப்பம் முப்பத்தாறுக்குக் கீழே போய்விட்டது.

"சரி, ஒரு கேள்வி" என்றார் பாய். "நம்ம சேவலுக்கு எந்தக் கால்ல நகம் ஒடஞ்சிருக்குதுங்க?"

"இடது கால்."

"தப்புங்க! வலது. வைக்கறேன் போனை."

"பாய்! எதிர்ல நின்னு பாத்தா எனக்கு இடதுங்க! வைக்காதீங்க! வேற கேளுங்க!"

பாய் அடுத்த கேள்வியை எடுத்தார்.

"சார் கடைசியா எங்கிட்ட என்ன வாங்கினாருங்க?"

"ஒரு பனியன். தொண்ணூறு சைஸ்."

"எத்தனை?"

"ஒண்ணு."

"என்ன ரேட்டுல?"

மனைவியும் சகலையும் என்னைப் பார்த்தார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள்.

"டஜன் ரேட்டுல" என்றேன்.

"சாரே தானுங்க!" என்று பாய் கத்தினார். "உலகத்துல ஒத்தப் பனியனை டஜன் ரேட்டுல கேக்கற ஆளு வேற கெடையாது! என்னங்க சார் ஆச்சு? இருங்க, பக்கத்தைப் பாக்கறேன். அய்யய்யோ, முப்பத்தஞ்சரை! எறங்குதுங்களே!"

"அதைத்தான் அப்ப இருந்து சொல்றேன். உங்க பாதி?"

பாயின் குரல் சட்டென்று இறங்கியது. 

"சார், நான் தாராபுரம் வந்தர்றேனுங்க. நானே வந்து தட்டறேன்."

"நீங்க வர்றதுக்குள்ள ஐஸ்கிரீம் ஆயிரும். சொல்லுங்க பாய்."

"கோழி எந்திரிச்சுத் தீனிக்குப் போனாக்கூட கொஞ்ச நேரம் முட்டை ஆறித்தானுங்க கெடக்கும். அது வரைக்கும் தாங்கும்."

"தீனிக்குப் போன கோழி திரும்பி வரும். இது நீங்க சொன்னாத்தான் வரும்."

"சார் கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன்."

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அப்ப இன்னும் கஷ்டமுங்க." பெருமூச்சு. பிறகு ஏதோ முணுமுணுத்தார். தவில் அதை விழுங்கிவிட்டது.

"கேக்கல பாய்! சத்தமா!"

"மேனேஜர்..."

"மேனேஜர்! அப்புறம்?"

மறுபடி முணுமுணுப்பு.

"கேக்கவே இல்லீங்க! நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க! மேனேஜர் கஞ்ச..."

"அதேதானுங்க. மேல போங்க."

"கஞ்சப்... பிசினாறியா?" என்று தொண்டை கிழியக் கேட்டேன்.

தவில் அந்தக் கணத்தில்தான் நின்றது. தவில் எப்போது நிற்கும் என்று ஓய்வு பெற்றவர்களுக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்புவதில்லை. "கஞ்சப்பிசினாறி" என்ற என் குரல் மண்டபத்துக்குள் போய், சாப்பாட்டுக் கூடத்தைச் சுற்றி, மணமேடை வரைக்கும் எட்டியதாகப் பிறகு பல பேர் சொன்னார்கள். கூடத்திலிருந்து யாரோ, "இங்கே எல்லாம் தாராளமாத்தானுங்க வைக்கறோம்!" என்று ரோஷமாகக் குரல் கொடுத்தார்கள். சகலை பக்கத்து அண்டாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் இங்கிலீசுல சின்ன எழுத்துங்க, நடுவுல எடமில்லாம" என்றது போன் பணிவாக. "கடைசில ஒரு ஆச்சரியக்குறியும் போட்டிருக்கேனுங்க."

முதல் பாதியை நான் தட்டினேன். பிறகு எனக்கு நானே, எழுத்து எழுத்தாக, அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொண்டேன். முதல் தடவை அவசரத்தில் பிசகியது. இரண்டாம் தடவை ஆச்சரியக்குறியோடு ஏற்றுக்கொண்டது. சர்வருக்குள் நுழைந்தேன். ஒரே வரிக் கட்டளை. ரிலே 'டக்'கென்று ஒட்டியிருக்கும். ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நிலவரப் பக்கத்தில் எண் முப்பத்துநாலு புள்ளி ஒன்பதில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பிறகு முப்பத்தைந்து.

"ஏறுதுங்க!" என்று பாய் அங்கே கத்தினார். "ஏறுது! ஏறுது!" நான் இங்கே கத்தினேன். சகலை எதற்கென்று தெரியாமலே கத்தினார். பாத்திரம் கழுவிய பெண்கள் கை தட்டினார்கள். அந்தப் பக்கம் இந்தி வியாபாரிகளும் பாயைச் சூழ்ந்து ஏதோ ஆரவாரம் செய்தார்கள். பிறகு கேட்டபோது, அவருக்குப் பேரன் பிறந்துவிட்டதாக நினைத்தார்களாம்.

ஏறிவிட்டது என்றாலும் முட்டைக்குள் என்ன நிலைமை என்று எந்த சென்சாரும் சொல்லாது. திரும்பும் வழியெல்லாம் பாய் போன் செய்துகொண்டே இருந்தார். நாங்கள் வரும்போது வாசலில் டார்ச்சோடு நின்றார். கதவைத் திறந்ததும் என் மனைவி ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கினாள். பாய் முதல் முட்டையைத் தூக்கி ஒளியில் பிடித்தார். கறுப்பாக நிறைந்திருந்தது. காற்றறைக்குக் கீழே ஒரு நிழல். மூவரும் மூச்சை அடக்கினோம். நிழல் அசைந்தது. சலிப்போடு, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி.

"உதைக்குதுங்க!" என்றார் பாய். ஐந்தும் உதைத்தன.

அதன் பிறகு வீட்டில் நான் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை. கடைசி நாட்களில் திருப்புவதை நிறுத்த வேண்டும், ஈரத்தைக் கூட்ட வேண்டும். மோட்டாரை நிறுத்தினேன். ஈரத்துக்கு பாய் தன் கடையிலிருந்தே வெள்ளைப் பனியன் துணியைக் கொண்டுவந்து, தண்ணீரில் நனைத்து உள்ளே தொங்கவிட்டார். புதுசு, ஒரு முழு பீஸ். "இதுக்கு என்ன ரேட்டுங்க?" என்று கேட்டேன். பார்வையிலேயே பதில் சொன்னார்.

முதல் ஓட்டில் விரிசல் விழுந்தபோது காலைக் காபி நேரம். சின்ன கேமராவைப் பலகையில் மாட்டி, நிலவரப் பக்கத்திலேயே படத்தைக் காட்டினேன். பாய் கடையைத் திறந்துவிட்டு, கல்லாவில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்திருக்கிறார். காதர்பேட்டையில் அன்று அவர் கடைக்கு வந்தவர்கள் பனியனைப் பார்த்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது ஓடு உடைவதற்குள் அவர் கடையை மகனிடம் விட்டுவிட்டு என் வீட்டுக் கூடத்தில் இருந்தார். மாலைக்குள் நாலு குஞ்சுகள். ஐந்தாவது மட்டும் ஓட்டில் ஓர் ஓட்டை போட்டு, அலகை நீட்டி, எங்களைப் பார்த்துவிட்டு யோசனையில் ஆழ்ந்தது. அடுத்த நாள் காலை, இனி வேறு வழியில்லை என்று அதுவும் வந்தது. பாய் லுங்கியை மடித்துக் கட்டி ஒரு சுற்றுச் சுற்றி ஆடினார். நான் ஆடவில்லை என்று எழுதத்தான் ஆசை.

"அலகைப் பாருங்க சார், இப்பவே வளஞ்சிருக்குது! அச்சு அப்பனாட்டவே!"

எனக்கு ஐந்தும் ஒன்று போலவே, ஈரமான பஞ்சுருண்டைகளாகத் தெரிந்தன. ஆமாங்க என்றேன்.

அப்புறம் விதிகளைத் திருத்தினேன். பலகை மறுபடி எழுந்தால் பல்பும் தானாக எழும். தீப்பயத்துக்காக, பலகையை நம்பாமல் சூட்டைத் தானே வெட்டுகிற ஒரு தெர்மோஸ்டாட்டைப் பெட்டியில் தனியாக வைத்தேன். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டும். பலகைக்கு மட்டும் ஒரு சின்ன யு.பி.எஸ். வந்தது. ஜாயிண்ட் கஸ்டடியை எடுத்துவிடச் சொல்லி மனைவியும் சகலையும் எவ்வளவோ வாதாடினார்கள்.

"தாராபுரம் பூரா உங்க பாஸ்வேர்டு தெரியுமுங்க" என்றாள் மனைவி.

"பாதிதான் தெரியும். மறுபாதி எங்கிட்ட. சாவிக் கோப்பு என் போன்ல. ஆயிரம் பேர் நடுவுல கத்தியும் சர்வர் பத்திரமா இருந்துது. ஜாயிண்ட் கஸ்டடிங்கறது அதுக்குத்தான்."

இதை அவள் ஒப்புக்கொண்டாள். என் திருமண வாழ்க்கையில் அரிதான நிகழ்வு என்பதால் இங்கே பதிவு செய்கிறேன். இருந்தாலும், கூவிய பாதியை மாற்ற வேண்டியது முறை. பாய்க்கு இப்போது அஞ்சு குஞ்சுகளோடு நேரம் சரியாக இருக்கிறது. அடுத்த அடைக்கு முட்டை தேடி ஊர் ஊராகவும் அலைகிறார். எனவே இரண்டாம் சாவியை என் மனைவியிடம் ஒப்படைத்தார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, இருவரும் குசுகுசுவென்று பேசி முடிவு செய்து, அவள் தட்டினாள்.

இப்போது அப்டேட் போடுகிற நாட்களில் நான் என் பாதியைத் தட்டிவிட்டு எழுந்து சுவர் பக்கம் போகிறேன். அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் அனுபவித்துத் தட்டுகிறாள். என்ன சொல் என்று நான் கேட்டதில்லை, விதி அனுமதிக்காது. காதால் எண்ணிக்கொண்டு மட்டும் நிற்கிறேன். பழையதைவிட நீளமாக இருக்கிறது. கடைசியில் அந்த ஆச்சரியக்குறியை மட்டும் கொஞ்சம் ஓங்கித் தட்டுகிறாள்.